பார்சல் திரும்பி வருகிறது என்று கஸ்டமரிடம் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளம்பிள்ளையில் சேலை, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு, ஏற்காட்டில் காப்பித்தூளும் மிளகும் என்று வீட்டிலிருந்தே கூரியரில் அனுப்பி விற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே இருக்கின்றன. உதாரணம் வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரே பார்சலை எடுத்துக்கொள்வோம்: இளம்பிள்ளையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன 1,450 ரூபாய்ச் சேலை, கேஷ் ஆன் டெலிவரி.

டிராக்கிங்ல RTO Initiated-னு வந்துருக்குங்க. அப்படின்னா என்ன?

பார்சலைக் கொடுக்க முடியவில்லை, இனி முயற்சி கிடையாது, அனுப்பியவருக்கே திருப்புகிறோம் என்று கூரியர் முடிவெடுத்துவிட்டது. அதற்கு முந்தைய கட்டத்தில் `Undelivered` என்று இருக்கும். அது ஒரு முயற்சி வீணானதை மட்டும் சொல்கிறது. மறுநாள் மறுபடி எடுத்துப் போவார்கள். இந்த இரண்டையும் ஒன்றென நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

இந்தச் சொல்லை அப்படியே கஸ்டமருக்கு அனுப்பாதீர்கள். நம் ஊரில் ஆர்.டி.ஓ என்றால் லைசென்ஸ் வாங்கும் ஆபீஸ். "என் சேலை எதுக்குங்க ஆர்டிஓ ஆபீஸ் போச்சு?" என்று கேட்டால் அது அவர் தப்பில்லை. "பார்சல் எங்களிடமே திரும்பி வருகிறது" என்று எழுதினால் போதும்.

எப்பச் சொல்லணும்? பார்சல் கைக்கு வந்தப்புறம் சொன்னாப் போதாதா?

முதல் `Undelivered` வந்த அன்றே சொல்ல வேண்டும். பெரும்பாலான கூரியர்கள் மூன்று முறை முயல்கின்றன. ஒவ்வொரு முறை தவறும்போதும் காரணத்தோடு உங்கள் பேனலில் ஒரு பதிவு விழும். அதற்கு ஏறக்குறைய ஒரு நாளுக்குள் "மறுபடி முயலுங்கள், மாற்று நம்பர் இது, அடையாளம் இது" என்று நீங்கள் பதில் போட வேண்டும். போடாமல் விட்டால் மூன்று முறை முடியும் முன்பே திருப்பிவிடுபவர்களும் உண்டு. "வாங்க மறுத்துவிட்டார்" என்று பதிவானால் அநேகமாக முதல் முறையிலேயே திரும்பும்.

ஆகவே செய்தி இரண்டு. முதலாவது தவறிய அன்று மாலைக்குள்: "நாளை வருவார்கள், போனை எடுங்கள், முகவரி சரியா?" இரண்டாவது, திரும்பக் கிளம்பிய அன்று: "திரும்பி வருகிறது, உங்களுக்கு இன்னின்ன வழி இருக்கிறது." முதலாவதை ஒழுங்காகப் போட்டாலே இரண்டாவதை எழுத வேண்டிய நாட்கள் குறைந்துவிடும். பார்சல் கைக்கு வந்த பிறகு சொன்னால், அதற்குள் கஸ்டமர் பத்து நாள் காத்திருந்து வேறு கடையில் வாங்கியிருப்பார்.

அந்த ரெண்டாவது மெசேஜ்ல என்னென்ன இருக்கணும்? ஒண்ணு எழுதிக் குடுங்களேன்.

நாலு விஷயம். எந்த ஆர்டர், ஏன் சேரவில்லை, இப்போது எங்கே இருக்கிறது, அவர் என்ன செய்யலாம். கடைசியில் ஒரு தேதி. தூத்துக்குடி பார்சலுக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம் அக்கா. நீங்கள் 4-ஆம் தேதி எடுத்த மயில்கழுத்துப் பச்சைச் சேலை (ரூ.1,450, கேஷ் ஆன் டெலிவரி) உங்களிடம் சேரவில்லை. 8, 9, 10 தேதிகளில் வந்ததாகவும், போன் எடுக்கப்படவில்லை என்றும் கூரியரில் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று எங்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து சேர 7 முதல் 10 நாள் ஆகும். சேலை உங்களுக்கு வேண்டுமா? வேண்டும் என்றால் 1 என்று அனுப்புங்கள்: சேலைப் பணத்தோடு மறு கூரியர் 77 ரூபாய் முன்பணமாகக் கட்டினால், சேலை எங்களிடம் வந்த மறுநாள் அனுப்பிவிடுவோம். வேறு முகவரிக்கு வேண்டும் என்றால் 2. வேண்டாம் என்றால் 3, ஆர்டரை ரத்து செய்துவிடுகிறோம், நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். 14-ஆம் தேதி வரை உங்கள் பதிலுக்காகக் காத்திருப்போம்."

கவனியுங்கள், "நீங்கள் போன் எடுக்கவில்லை" என்று இதில் இல்லை. கூரியர் பதிவு என்ன சொல்கிறது என்றுதான் இருக்கிறது. அந்தப் பதிவு பொய்யாகவும் இருக்கலாம் (ஐந்தாவது கேள்வியைப் பாருங்கள்). "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மூன்று வரி எழுதுவதைவிட 1, 2, 3 என்று பதிலை எளிதாக்குவது மேல். எல்லாரும் பஸ்ஸில் போகும்போதுதான் மெசேஜ் பார்க்கிறார்கள். ஒரு எண்ணை அழுத்துவார்கள், பத்தி எழுத மாட்டார்கள்.

வழிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். உங்களால் உண்மையிலேயே செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள். "நடுவழியில் நிறுத்திப் பார்க்கிறோம்" என்பதைச் சேர்க்கும் முன் ஏழாவது பதிலைப் படித்துவிடுங்கள்.

இப்படி மெசேஜ் போட்டா "இது ஃபிராடா"-னு கேட்டு பிளாக் பண்ணிடறாங்க. என்னங்க பண்றது?

அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். "உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி சரியில்லை, இந்த லிங்க்கில் திருத்துங்கள்" என்று தபால் துறையின் பெயரிலேயே பொய்ச் செய்தி சுற்றுகிறது. லிங்க்கைத் திறந்தால் சின்னத் தொகை கட்டச் சொல்லி கார்டு விவரத்தை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் செய்தியும் "பார்சல், முகவரி, பணம்" என்றே பேசுவதால் முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

திருடனுக்குத் தெரியாததை முதல் வரியில் வையுங்கள். சேலையின் நிறம், எடுத்த தேதி, விலை. அவர் ஆர்டர் கொடுத்த அதே வாட்ஸ்அப் உரையாடலில், அதே நம்பரிலிருந்து அனுப்புங்கள்; சேலைப் படம் மேலே இருக்கும், தேடிப் பார்த்துக்கொள்வார். சுருக்கப்பட்ட லிங்க் வேண்டாம். கூரியரின் பெயரையும் டிராக்கிங் நம்பரையும் எழுத்தாகக் கொடுத்து, "கூரியர் வெப்சைட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். "24 மணி நேரத்துக்குள் கட்டாவிட்டால்" என்ற மிரட்டல் தொனி வேண்டாம். அது அவர்களின் பாணி.

பணம் கேட்கும் செய்தியைத் தனியாக, அவர் 1 என்று பதில் போட்ட பிறகே அனுப்புங்கள். பணம் திருப்பும்போதும் கியூஆர் கோடு அனுப்பாதீர்கள். பணம் வாங்க யாரும் கோடு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்தவுடன் உங்களைத் திருடன் என்றே முடிவு கட்டிவிடுவார்.

கூரியர்ல "கஸ்டமர் வீட்ல இல்லை"-னு போட்டுருக்கான். கஸ்டமர் "நாள் பூரா வீட்லதான் இருந்தேன், யாரும் வரலை"-ங்கிறாங்க. யாரை நம்பறது?

யாரையும் நம்ப வேண்டாம், நேரத்தைப் பாருங்கள். பதிவில் ஸ்கேன் ஆன மணி இருக்கும். மூன்று நாளும் இரவு 8.40-க்கு, ஒரே பகுதிப் பார்சல்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் தவறியதாக விழுந்திருந்தால், வண்டியை நிறுத்திவிட்டுப் பையனோ பிராஞ்சோ உட்கார்ந்து போட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். அன்று லோடு அதிகம், முடிக்க முடியவில்லை, ஏதாவது காரணம் போட்டே ஆக வேண்டும் என்ற நிலையில் இது நடக்கிறது.

கஸ்டமரிடம் அந்த நாளின் கால் லிஸ்ட் ஸ்கிரீன்ஷாட் ஒன்று கேளுங்கள், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல்: "இதை வைத்துக் கூரியரில் புகார் போடுகிறேன்." அழைப்பே வரவில்லை என்றால் அதைச் சேர்த்து, பொய் முயற்சி என்று பேனலில் புகார் எழுப்புங்கள். திரும்பும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்க இது ஒன்றுதான் ஆதாரம். அந்தக் கஸ்டமரிடம் மறு கூரியர் பணம் கேட்காதீர்கள்.

இன்னொன்று: சில கூரியர்கள் "வாங்க மறுப்பு" என்று பதிய கஸ்டமரின் ஓடிபி கேட்கின்றன. போனில் "ஓடிபி சொல்லுங்க, நாளைக்குக் கொண்டாரேன்" என்று கேட்டு ரத்து செய்துவிடுவதும் உண்டு. முதல் செய்தியிலேயே ஒரு வரி சேருங்கள்: பார்சல் கைக்கு வராமல் ஓடிபி சொல்ல வேண்டாம்.

ஏற்காட்டுக்குப் போற பார்சல் மட்டும் ஏங்க இவ்வளவு திரும்புது?

முதல் காரணம் ஒரே ஒரு எண். சேலம் 636001, ஏற்காடு 636601. நான்காவது இலக்கம் தவறினால் மலைக்குப் போக வேண்டியது சேலம் டவுன் பிராஞ்சில் இறங்கிவிடும். அங்கே "முகவரி எங்கள் எல்லைக்குள் இல்லை" என்று பதிவாகி, எதிர்முனையில் யாரும் திருத்தாவிட்டால் கீழேயிருந்தே திரும்பிவிடும். மலை ஏறவே இல்லை, ஆனால் கஸ்டமருக்கோ "முகவரி தவறு" என்று செய்தி போகிறது. அவர் எஸ்டேட் பெயரைச் சரியாகத்தானே எழுதினேன் என்பார். அவர் சொல்வதும் சரிதான். பின்கோடு மட்டும்தான் தவறு.

இரண்டாவது, எஸ்டேட் முகவரிக்குக் கதவு எண் இருக்காது. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மடுவு என்று ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் வண்டிக்காரர் போன் செய்துதான் வர வேண்டும். சிக்னல் கிடைக்காத சரிவில் கஸ்டமர் இருந்தால் "போன் எடுக்கவில்லை" என்றாகிவிடும். அதனால் மலை முகவரிக்கு இரண்டு நம்பர் வாங்குங்கள். ஒன்று எஸ்டேட் ஆபீஸ் அல்லது மெயின்ரோட்டுக் கடையுடையதாக இருக்கட்டும், "இந்தக் கடையில் கொடுத்துவிடுங்கள்" என்று முகவரியிலேயே எழுதிவிடலாம்.

இத்தகைய பார்சல் சேலம் பிராஞ்சில் நிற்கும்போதே பிடித்துவிட்டால், செய்தியில் ஒரு நல்ல வழி கூடுகிறது: "சேலம் வரும்போது பிராஞ்சில் நேரில் வாங்கிக்கொள்கிறீர்களா?" மலையிலிருந்து வாரம் ஒருமுறையாவது கீழே இறங்குபவர்கள் நிறைய. பிராஞ்சை அழைத்து, நேரில் கொடுப்பார்களா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகு இதை எழுதுங்கள். அடையாள அட்டையும் டிராக்கிங் நம்பரும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

திரும்பக் கிளம்பிடுச்சுங்க. நடுவழியில நிறுத்தித் திருப்பி விட முடியுமா?

கடைசி ஸ்கேன் எங்கே என்று பாருங்கள். இன்னும் கஸ்டமர் ஊர்ப் பிராஞ்சிலேயே இருந்தால், சில மணி நேரம் கையில் இருக்கிறது. பேனலில் பட்டன் இருக்காது. கூரியரின் சப்போர்ட்டுக்கோ உங்கள் கணக்கைப் பார்க்கும் ஆளுக்கோ எழுதி, பிராஞ்சையும் அழைக்க வேண்டும். பையில் போட்டு வண்டி ஏறிவிட்டால் முடிந்தது. நடுவில் இருக்கும் ஹப்பில் ஆயிரக்கணக்கான பைகளுக்குள் ஒன்றைப் பிரித்துத் தர யாரும் முன்வர மாட்டார்கள்.

திரும்பும் பார்சலுக்கு அவசரம் என்று யாரும் பார்ப்பதில்லை. போக மூன்று நாள் ஆனது வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம், அதனால்தான் மாதிரியில் 7 முதல் 10 நாள் என்று எழுதியது. அதே சேலை இன்னொன்று ஸ்டாக்கில் இருந்தால் காத்திருக்காமல் புதியதை அனுப்புவது வேகமான வழி. ஆனால் புது டிராக்கிங் நம்பரோடு, "பழைய நம்பரைப் பார்க்க வேண்டாம்" என்றும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் பழையதைப் பார்த்துவிட்டு, திரும்பவும் வருகிறதே என்பார்.

மறுபடி அனுப்பற செலவை யார் தலையில கட்டறது?

தூத்துக்குடி சேலையை வைத்தே போட்டுப் பார்ப்போம். போகும் கூரியர் 65, திரும்பும் கூரியர் 60, கேஷ் ஆன் டெலிவரி கட்டணம் 35 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. திரும்பிய பார்சலுக்குக் கேஷ் ஆன் டெலிவரி கட்டணம் பெரும்பாலும் கழித்துவிடுவார்கள், உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆக 65-ம் 60-ம் சேர்ந்து 125, வரியோடு 147.50. சேலை விற்காமலே இவ்வளவு போய்விட்டது. ஒரு சேலையில் 250 ரூபாய் நிற்கிறது என்றால் அதில் பாதிக்கு மேல்.

மறுபடி முன்பணமாக அனுப்ப 65, வரியோடு 76.70. மொத்தம் 224.20. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் உங்களுக்கு ஆகியிருக்க வேண்டியது 100, வரியோடு 118. கஸ்டமர் 77 ரூபாய் கொடுத்துவிட்டால் உங்கள் கையைக் கடிப்பது 29.20 மட்டும். ஆகவே திரும்பும் செலவையும் சேர்த்து முழுசாகக் கேட்டு விற்பனையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், மறு கூரியர் ஒன்றை மட்டும் கேட்டால் போதும். சொல்வதற்கும் எளிது: "இரண்டாவது தடவை கூரியர் காசு."

இரண்டாவது முறை கேஷ் ஆன் டெலிவரி கொடுக்காதீர்கள். இதில் மட்டும் இரக்கம் வேண்டாம். பிடிவாதமாகக் கேட்பவரிடம் கூரியர் காசை மட்டுமாவது முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள்; 77 ரூபாய் கட்டியவர் போனை எடுப்பார்.

முன்னாடியே பணம் கட்டினவங்களுக்கு? கூரியர் காசைப் பிடிச்சுக்கிட்டு மீதியைத் திருப்பலாமா?

ஆர்டர் எடுக்கும்போதே "சேராமல் திரும்பினால் கூரியர் கட்டணம் கழிக்கப்படும்" என்று எழுதிக் காட்டியிருந்தால், தவறு கஸ்டமர் பக்கம் இருந்தால், கழிக்கலாம். எழுதாமல் பிறகு சொன்னால் சண்டை. பொய் முயற்சி, தவறான ரூட், நீங்கள் பின்கோடு மாற்றி ஒட்டியது போன்றவற்றுக்கு முழுப்பணம்.

தாமதமானதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்ன நாளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பவோ விற்பவர் மறுக்க முடியாது. விற்பவர் கைமீறிய பேரிடர் போன்றவை விதிவிலக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இப்போது நிறையப் பேருக்குத் தெரியும். பணம் வந்த கணக்குக்கே திருப்புங்கள், பரிவர்த்தனை எண்ணைச் செய்தியில் போடுங்கள். பில் போட்ட ஜிஎஸ்டி விற்பனை என்றால் கிரெடிட் நோட்டும் போட வேண்டும்.

நாங்க ஏற்காட்டுல காப்பித்தூள், மிளகு அனுப்பறோம். எங்களுக்கும் இதே மெசேஜா?

மிளகுக்கு இதேதான். காப்பித்தூளுக்கு 1-ஆம் வழியை மாற்றுங்கள். அரைத்த தூள் போக மூன்று நாள், கூரியர் பிராஞ்சில் மூன்று நாள், திரும்ப ஒரு வாரம் என்று அலைந்தால் பாக்கெட் பிரிக்காமலே மணம் இறங்கியிருக்கும். அதையே மறுபடி அனுப்புகிறோம் என்று எழுதாதீர்கள். "புதிதாக அரைத்து அனுப்புகிறோம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி அரையுங்கள். பழையது திரும்பும் வரை காத்திருக்கத் தேவையில்லாததால் கஸ்டமருக்கும் பத்து நாள் மிச்சம். நஷ்டம் சேலைக்காரரைவிடக் கூடுதல் என்பதால், காப்பிக்கு முதல் ஆர்டரிலிருந்தே முன்பணம் மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்பீட் போஸ்ட்ல போனது திரும்புது. அங்க பேனல் எதுவும் இல்லையே?

13 எழுத்து கொண்ட எண்ணை (முன்னால் இரண்டு எழுத்து, நடுவே ஒன்பது எண், கடைசியில் IN) தபால் துறைத் தளத்தில் போட்டால் எந்தத் தபால் நிலையத்தில் நிற்கிறது என்று தெரியும். இங்கே முக்கியமான வித்தியாசம், கஸ்டமரே நேரில் போகலாம். ஆள் இல்லாவிட்டால் தபால்காரர் சீட்டு வைத்துவிட்டுப் போவார், பார்சல் சில நாள் அந்த நிலையத்திலேயே இருக்கும். ஆகவே உங்கள் செய்தியில் முதல் வழி: "இன்றே உங்கள் ஊர்த் தபால் நிலையத்துக்கு அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள்." திரும்பக் கிளம்பிவிட்டால் மற்றதெல்லாம் முன் சொன்னபடிதான்.

மெசேஜ் பார்த்துட்டு பதிலே போடலைங்க. எத்தனை தடவை கேக்கறது?

செய்தி ஒன்று, மறுநாள் பகலில் ஒரு அழைப்பு, கெடு தேதிக்கு முந்தைய நாள் ஒரு வரி நினைவூட்டல். அதோடு நிறுத்துங்கள். கேஷ் ஆன் டெலிவரியாக இருந்தால் கெடு முடிந்ததும் ரத்து என்று ஒரு வரி போட்டு, சேலையை வேறொருவருக்குக் கொடுக்கலாம். பணம் கட்டியவர் பதில் போடவில்லை என்றால் ரத்து செய்துவிட்டுப் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. நீங்களாகவே திருப்பிவிட்டு, திருப்பியதைச் சொல்லுங்கள்.

அந்த நம்பரைக் குறித்து வையுங்கள். இரண்டு ஆர்டரை இப்படித் திருப்பியவருக்கு மூன்றாவது ஆர்டரில் கேஷ் ஆன் டெலிவரி கிடையாது.

திரும்பி வந்த கவரைப் பிரிச்சா உள்ள வேற சேலை இருக்கு. கஸ்டமருக்கு "வந்ததும் அனுப்பறேன்"-னு வேற சொல்லிட்டேன்!

பிரிக்கும் முன் வீடியோ எடுத்தீர்களா என்பதுதான் முதலில் கேட்பார்கள். கூரியர் பையன் நிற்கும்போதே கவரை எடை போடுங்கள், டேப் பிரித்து ஒட்டியதா பாருங்கள், சந்தேகம் இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் "கவர் சேதம்" என்று எழுதுங்கள். லேபிள் தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். அன்றே புகார் போட வேண்டும். சில கூரியர்களுக்கு இரண்டு நாள்கூடக் கெடு கிடையாது.

கஸ்டமரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: "பார்சல் வந்தது, உள்ளே உங்கள் சேலை இல்லை, கூரியரில் புகார் போட்டிருக்கிறோம். அதே நிறத்தில் வேறு இருக்கிறது, படம் கீழே. வேண்டாம் என்றால் நீங்கள் கட்டியது 77 உட்பட இன்றே திருப்புகிறோம்." கூரியர் நஷ்டஈடு தரும் வரை அவரைக் காக்க வைக்காதீர்கள். அது வருவதற்கு வாரங்கள் ஆகும், பல சமயம் சேலை விலை முழுவதும் வராது, கூரியர் வைத்திருக்கும் உச்சவரம்புத் தொகைதான் வரும்.